கபேயின் பெயரில் தோன்றும் போலி வைஃபை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிக் கடற்கரைப் பக்கம் போனால் போனில் கபேயின் பெயரிலேயே வைஃபை காட்டுகிறது. பெயர் சரியாக இருந்தால் அது அந்தக் கபேயுடையதுதானே?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வைஃபைப் பட்டியலில் தெரியும் பெயர், அந்தக் கருவியை வைத்திருப்பவர் தானாகவே தட்டச்சு செய்து வைத்த சில எழுத்துகள் மாத்திரமே. 32 பைட்டுகளுக்குள் அடங்கினால் போதும், எதையும் எழுதலாம். அந்தப் பெயரை எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. வேறொருவர் அதே பெயரை வைத்துக்கொள்வதைத் தடுக்கும் ஏற்பாடும் இல்லை. இதனை உங்கள் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஹொட்ஸ்பொட் அமைப்புக்குள் சென்று அதன் பெயரை மாற்றி எழுதினால், சில விநாடிகளில் அருகில் இருப்பவரின் போனில் அந்தப் புதிய பெயர் தோன்றிவிடும்.

வைஃபைக் கருவிகள் வழக்கமாக விநாடிக்கு ஏறத்தாழப் பத்துத் தடவை ஒரு சிறிய அறிவிப்பை வானலையில் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. தன் பெயர் என்ன, கருவியை அடையாளம் காட்டும் எண்ணான தன் வன்பொருள் முகவரி என்ன, கடவுச்சொல் தேவையா இல்லையா என்பவற்றை அந்த அறிவிப்பு சொல்கிறது. அதில் உள்ள பெயர் உண்மையானதுதான் என்பதற்குச் சான்று எதுவும் அதனுள் இல்லை. வன்பொருள் முகவரியையும் மென்பொருளால் மாற்றலாம். ஆகவே கபேயின் ரவுட்டரும், பக்கத்து மேசையில் பைக்குள் இருக்கும் ஒரு சிறிய ரவுட்டரும் ஒரே அறிவிப்பை அனுப்பினால், அவற்றைப் பிரித்தறிய உங்கள் போனுக்கு வழியில்லை.

ஒரே பெயரில் இரண்டு இருந்தால் போனில் இரண்டாகத் தெரிய வேண்டாமா? எனக்கு எப்போதும் ஒன்றுதான் தெரிகிறது.

பெயரும் பாதுகாப்பு வகையும் ஒன்றாக இருந்தால் போன் அவற்றை ஒரே வலையமைப்பின் பகுதிகள் என்று கருதி ஒரே வரியாகக் காட்டும். இது குறைபாடு அன்று. வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. பாசிக்குடாவில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பிடத்தில் ஒன்று, நீச்சல் குளத்தருகே ஒன்று, ஒவ்வொரு மாடியிலும் ஒன்று என்று பல கருவிகள் ஒரே பெயரில் இருக்கும். நீங்கள் நடந்து செல்லும்போது போன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உங்களுக்குத் தெரியாமலேயே மாறிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள்.

போலிக் கருவி இந்த வசதியைத்தான் பயன்படுத்துகிறது. போன் பெரும்பாலும் சமிக்ஞை வலுவாக உள்ள கருவியைத் தேர்ந்தெடுக்கும். கபேயின் ரவுட்டர் காசாளர் மேசைக்குப் பின்னால், சுவருக்கு அப்பால் இருக்க, போலிக் கருவி உங்களிடமிருந்து நான்கு அடி தூரத்தில் இருந்தால், எது வலுவாகத் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஏற்கெனவே உண்மையான ரவுட்டரில் இணைந்திருந்தாலும் உங்களை அங்கிருந்து கழற்றிவிட வழி உண்டு. இணைப்பை முடித்துக்கொள்ளுமாறு ரவுட்டர் போனுக்குச் சொல்லும் ஒரு கட்டளை வைஃபையில் இருக்கிறது. பழைய அமைப்புகளில் அந்தக் கட்டளைக்குப் பாதுகாப்பு இல்லை; ஆகவே ரவுட்டர் அனுப்பியதுபோல் வேறொருவரும் அதனை அனுப்பலாம். இணைப்பு அறுந்த போன் மீண்டும் அதே பெயரைத் தேடும். இம்முறை போலியில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். டபிள்யூ.பி.ஏ.3 எனப்படும் புதிய பாதுகாப்பு வகையில் அந்தக் கட்டளைக்கும் பாதுகாப்புக் கட்டாயம். ஆனால் கடைகளில் உள்ள பல ரவுட்டர்கள் இன்னும் அதற்கு மாறவில்லை.

கடவுச்சொல் கேட்கும் வைஃபை என்றால் பயமில்லை என்கிறார்கள். எங்கள் கபேயில் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

கடவுச்சொல் உள்ள வலையமைப்பில் போனும் ரவுட்டரும் தமக்கு ஒரே கடவுச்சொல் தெரியும் என்பதை ஒன்றுக்கொன்று நிரூபித்துக்கொண்ட பின்னரே இணைகின்றன. வீட்டு வைஃபையில் இது நல்ல காவல். ஏனெனில் கடவுச்சொல் வீட்டாருக்கு மாத்திரம் தெரியும். சுவரில் ஒட்டிய கடவுச்சொல்லோ ஒரு தேநீர் வாங்கிய எவருக்கும் தெரியும். அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் தன் கருவியில் இட்டவர், உங்கள் போன் கேட்கும் நிரூபணத்தைக் குறையில்லாமல் கொடுத்துவிடுவார்.

உண்மையான கபேயில் கடவுச்சொல் இருந்து, போலியில் அது இல்லை என்றால் மாத்திரம் உங்களுக்கு ஒரு தடயம் கிடைக்கும். பாதுகாப்பு வகை வேறுபடுவதால் அதே பெயர் பட்டியலில் இரண்டு தடவை வரும்: ஒன்று பூட்டு அடையாளத்துடன், மற்றது அது இல்லாமல். அப்படிக் கண்டால் பூட்டு இல்லாததைத் தொட வேண்டாம்.

இணைந்தவுடன் தானாக ஒரு பக்கம் திறந்து கூகுள் கடவுச்சொல்லைக் கேட்டது. அந்தப் பக்கம் எங்கிருந்து வருகிறது?

போலி வைஃபையின் உண்மையான பொறி பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் என்பதால் இதனைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

போன் எந்த வைஃபையில் இணைந்தாலும், இங்கே இணையம் இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்க்கிறது. ஆண்ட்ராய்ட் போன் பொதுவாகப் பின்வரும் முகவரியைக் கேட்கும்:

```
http://connectivitycheck.gstatic.com/generate_204
```

இணையம் திறந்திருந்தால் 204 என்ற எண்ணுடன் வெற்றுப் பதில் வரும், போன் திருப்தியடைந்துவிடும். ஐபோன் `captive.apple.com` என்ற முகவரியில் இதேபோன்ற சோதனையைச் செய்கிறது. இந்தக் கேள்வி மறைகுறியாக்கம் இல்லாமல், அதாவது இடையில் இருப்பவர் வாசிக்கக்கூடிய வடிவிலேயே போவதால், இடையில் இருக்கும் ரவுட்டர் அதனைப் பிடித்து வேறொரு பதிலைக் கொடுக்கலாம். எதிர்பார்த்த பதில் வராதபோது, இங்கே நுழைவுப் பக்கம் ஒன்று இருக்கிறது என்று போன் முடிவு செய்து, `Sign in to network` என்ற அறிவிப்பைக் காட்டி, ரவுட்டர் தரும் பக்கத்தைத் திறக்கிறது. ஹோட்டல்களிலும் விமான நிலையங்களிலும் நிபந்தனைகளை ஏற்கச் சொல்லி வரும் பக்கங்கள் இப்படித்தான் வருகின்றன.

ஆகவே அந்தப் பக்கத்தை எழுதியவர் ரவுட்டரின் சொந்தக்காரர். கபேயின் சின்னம், படங்கள், கூகுள் அல்லது முகநூலின் நிறமும் எழுத்தும் அனைத்தையும் அவர் நகலெடுத்து வைக்க முடியும். கடவுச்சொல் பெட்டியில் நீங்கள் எழுதுவது கூகுளுக்குப் போவதில்லை. பக்கத்து மேசையிலுள்ள மடிக்கணினியில் ஒரு கோப்பில் போய்ச் சேர்கிறது. மறைகுறியாக்கம் எதனையும் யாரும் உடைக்கவில்லை. நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள்.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. செயலிகளுக்குள் பொதிந்த சிறு உலாவிச் சாளரங்களின் வழியாக மற்றத் தளங்களுக்குள் தன் கணக்கால் நுழைவதைக் கூகுள் சில ஆண்டுகளாக அனுமதிப்பதில்லை. போன் தானாகத் திறக்கும் நுழைவுப் பக்கமும் பெரும்பாலும் அத்தகைய சாளரமே. எனவே அந்தச் சாளரத்துக்குள் கூகுள் கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி ஒன்று வந்தால், அது போலி என்றே நான் கொள்வேன்.

என்னிடம் கடவுச்சொல் எதையும் கேட்கவில்லை. தொலைபேசி இலக்கத்தையும் அதற்கு வந்த குறியீட்டையும் மட்டும்தான் கேட்டது. அதில் என்ன போய்விடப் போகிறது?

வாட்ஸ்அப் கணக்கு முழுவதும் போய்விடக்கூடும். தொலைபேசி இலக்கத்தைக் கேட்டுக் குறியீடு அனுப்பும் நேர்மையான வைஃபை பல இடங்களில் இருப்பதால் இந்த வழி யாருக்கும் சந்தேகத்தைத் தருவதில்லை. நடக்கும் முறையை ஒரு கற்பனை நிகழ்வாகப் படிப்படியாகப் பார்ப்போம். `Vaavi Cafe Guest` என்ற பெயரும் கற்பனையே.

வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் ஒரு மாணவி, மாலையில் மட்டக்களப்பு நகரில் ஒரு கபேக்கு வருகிறாள். அவளுடைய டேட்டா முடிந்துவிட்டது. ஒப்படையை அன்றிரவுக்குள் அனுப்ப வேண்டும். பட்டியலில் `Vaavi Cafe Guest` பூட்டு இல்லாமல் தெரிகிறது, தொடுகிறாள். கபேயின் படத்துடன் ஒரு பக்கம் திறக்கிறது. ஒரு மணித்தியால இலவச இணைப்புக்குத் தொலைபேசி இலக்கத்தை இடவும், ஆறு இலக்கக் குறியீடு ஒன்று குறுஞ்செய்தியில் வரும் என்று அதில் எழுதியிருக்கிறது. இலக்கத்தை இடுகிறாள்.

அந்த இலக்கம் அதே கணத்தில் போலி வைஃபையை நடத்துபவரின் திரையில் தெரிகிறது. அவர் தன் கையில் உள்ள வேறொரு போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, புதிதாகப் பதிவு செய்வதுபோல் மாணவியின் இலக்கத்தை இடுகிறார். வாட்ஸ்அப் வழக்கம்போல் அந்த இலக்கத்துக்கு உறுதிப்படுத்தும் குறியீட்டைக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறது. குறுஞ்செய்தி வைஃபையில் வருவதில்லை. கைத்தொலைபேசி வலையமைப்பில் வருகிறது. ஆகவே டேட்டா இல்லாத மாணவிக்கும் அது வந்து சேர்கிறது. செய்தி முற்றிலும் உண்மையானது, அனுப்பியதும் வாட்ஸ்அப்தான். அதன் முதல் வரியிலேயே வாட்ஸ்அப் குறியீடு என்றும், எவருடனும் பகிர வேண்டாம் என்றும் இருக்கும். ஆனால் அவசரத்தில் இருப்பவர் செய்தியைத் திறந்து வாசிப்பதில்லை. திரையின் மேலே ஒரு கணம் மின்னி மறையும் ஆறு இலக்கங்களைப் பார்த்து எழுதுகிறார். சில போன்களில் விசைப்பலகையே அந்த இலக்கங்களை எடுத்துத் தருவதால் பார்ப்பதுகூட இல்லை.

மாணவி குறியீட்டைப் பக்கத்தில் இட, மறுபக்கம் அவர் அதனை வாட்ஸ்அப்பில் இடுகிறார். கணக்கு அவருடைய போனுக்கு மாறுகிறது. அதேவேளை மாணவிக்கு உண்மையாகவே இணையம் திறக்கிறது. ஒப்படை போய்ச் சேர்கிறது. எல்லாம் சரியாக நடந்ததாகவே அவளுக்குத் தோன்றும். வாட்ஸ்அப்பைத் திறக்கும்போதுதான், இலக்கம் வேறு போனில் பதிவாகியுள்ளது என்ற அறிவிப்பைக் காண்பாள். அதற்குள் அவள் பெயரிலும் படத்திலும் பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும், அவசரமாகப் பணம் தேவை, இந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள், அழைக்க முடியாத இடத்தில் இருக்கிறேன் என்று செய்தி போயிருக்கும்.

பழைய உரையாடல்கள் போனிலேயே சேமிக்கப்படுவதால் அவை அவருக்குத் தெரியா. ஆனால் குழுக்கள் தெரியும், அந்தக் கணத்துக்குப் பின் வரும் புதிய செய்திகளும் அவருக்கே போகும். ஒரு குடும்பத்திடம் பணம் பறிக்க அதுவே போதுமானது.

இதனைத் தடுக்கும் பூட்டு வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குள் `Two-step verification` என்பதை இயக்கி, ஆறு இலக்கப் பின் ஒன்றை வைத்துவிட்டால், குறுஞ்செய்திக் குறியீடு மாத்திரம் கிடைத்தவர் உள்ளே நுழைய முடியாது. அந்தப் பின்னை எந்த வைஃபைப் பக்கத்திலும் எழுதக்கூடாது என்பதையும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

நான் வங்கிச் செயலியைப் பயன்படுத்தினால், அம்மாவுடன் வாட்ஸ்அப்பில் பேசினால், எல்லாவற்றையும் அவர்கள் வாசித்துவிடுவார்களா?

இல்லை, இந்தப் பயம் பல இடங்களில் அளவுக்கு மிஞ்சிச் சொல்லப்படுகிறது. இன்று பெரும்பாலான தளங்களும் செயலிகளும் போனுக்கும் சேவையகத்துக்கும் இடையே முழுவதும் மறைகுறியாக்கிய வழியில் பேசுகின்றன. இடையில் இருக்கும் ரவுட்டர் யாருடையதாக இருந்தாலும், அதன் வழியே செல்வது வாசிக்க முடியாத பைட்டுகளே. 2010இல் நிலைமை வேறு: ஃபயர்ஷீப் என்ற உலாவி இணைப்பு அந்த ஆண்டு வெளிவந்தபோது, ஒரே திறந்த வைஃபையில் இருக்கும் மற்றவரின் முகநூல் கணக்குக்குள் ஓர் அழுத்தலில் நுழைய முடிந்தது. அதன்பின் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக முழு மறைகுறியாக்கத்துக்கு மாறின.

எஞ்சியிருப்பது என்ன என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்ற பெயர்கள் பெரும்பாலும் தெரியும். எந்த வங்கி, எந்த மருத்துவமனை, எந்த வேலைவாய்ப்புத் தளம் என்ற அளவுக்கு. எவ்வளவு நேரம், எவ்வளவு தரவு என்பதும் தெரியும். போனுக்கு உங்கள் சொந்தப் பெயரை வைத்திருந்தால் அந்தப் பெயரும் ரவுட்டரில் பதிவாகக்கூடும். `http://` என்று மாத்திரம் தொடங்கும் பழைய தளங்களில் நீங்கள் நிரப்பும் படிவம் அப்படியே வாசிக்கப்படும்.

ஆகவே போலி வைஃபையை நடத்துபவர் மறைகுறியாக்கத்தைச் சுற்றிக்கொண்டு போவதற்கு உங்கள் உதவியை நாடுவார். தளம் தான் யார் என்று காட்டும் சான்றிதழ் நம்பகமானதன்று, `Your connection is not private` என்று உலாவி எச்சரிக்கும்போது, பொருட்படுத்தாமல் தொடரும்படி நீங்கள் அழுத்துவது ஒரு வகை. இணையம் வேகமாக வரும் என்று சொல்லி ஒரு சான்றிதழையோ, அமைப்புக் கோப்பையோ, செயலியையோ நிறுவச் சொல்வது இன்னொரு வகை. வைஃபைப் பக்கம் சொன்னதற்காக ஒரு சான்றிதழை நிறுவினால், அதுவரை மூடியிருந்த போக்குவரத்தில் ஒரு பகுதியை அவர் திறந்து பார்க்க முடியும். இந்த இரண்டு இடங்களிலும் பின்வாங்கிவிட்டால் வங்கிச் செயலி தன் வேலையைத் தானே காத்துக்கொள்ளும். ஆயினும், பணம் அனுப்பும் நேரத்துக்கு மாத்திரம் வைஃபையை நிறுத்தி டேட்டாவுக்கு மாறுவதையே நான் விரும்புவேன்.

பல உலாவிகளில் தெரியும் பூட்டு அடையாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது வழி மூடியிருப்பதைச் சொல்கிறதே தவிர, மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லவில்லை. இலவசச் சான்றிதழை எவரும் சில நிமிடங்களில் பெறலாம். ஆகவே ஓரெழுத்து மாறிய போலி முகவரியிலும் பூட்டு இருக்கும்.

கபேயில் இருக்கும்போதே போலியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

உறுதியாக உண்மையானது என்று நிரூபிக்கும் சோதனை எதுவும் இல்லை. போலி என்று காட்டிக்கொடுக்கும் தடயங்கள் சில உண்டு. முதலாவதும் மிகப் பயனுள்ளதுமான வழி, பரிமாற வரும் தம்பியிடம் வைஃபைப் பெயர் சரியாக என்ன, பக்கம் ஏதாவது திறக்குமா, அதில் என்ன கேட்கும் என்று விசாரிப்பது. கபேயில் நுழைவுப் பக்கமே இல்லை என்று அவர் சொல்ல, உங்கள் போனில் ஒரு பக்கம் திறந்திருந்தால், விடை கிடைத்துவிட்டது.

மடிக்கணினியில் விண்டோஸ் இருந்தால் கட்டளைச் சாளரத்தில் பின்வருவதை இடலாம். புதிய பதிப்புகளில் இருப்பிட அனுமதி கேட்கக்கூடும்.

```
netsh wlan show networks mode=bssid
```

ஒவ்வொரு பெயரின் கீழும் அதனை ஒலிபரப்பும் கருவிகள் `BSSID` என்ற வரிகளில் தனித்தனியாக, வன்பொருள் முகவரியுடனும் சமிக்ஞை வலிமையுடனும் வரும். `Authentication` என்ற வரி ஒன்றில் `Open` என்றும், அதே பெயரின் மற்றப் பதிவில் `WPA2-Personal` என்றும் இருந்தால் அது முன்னர் சொன்ன பூட்டுத் தடயம். ஆனால் ஒரே பெயரில் இரண்டு முகவரிகள் இருப்பது மாத்திரம் குற்றமாகாது. இரண்டு அலைவரிசைகள் உள்ள சாதாரண ரவுட்டர் ஒன்றே இரண்டாகத் தெரியும். அப்போது அவற்றின் முகவரிகள் பொதுவாக மிக நெருக்கமாக, ஓரிரு எழுத்துகளில் மாத்திரம் வேறுபட்டிருக்கும். சிறிய கடையொன்றில் முற்றிலும் வேறுபட்ட இரு முகவரிகள் ஒரே பெயரில் இருந்தால் கேட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. முகவரியையும் நகலெடுத்த திறமைசாலியை இந்தச் சோதனை காட்டாது.

நுழைவுப் பக்கத்தில் பொய்யான கடவுச்சொல்லை இட்டுப் பார்ப்பது இன்னொரு முறை. இல்லாத ஒரு மின்னஞ்சலையும் வாய்க்கு வந்த கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொண்டு இணையத்தைத் திறந்துவிட்டால், அந்தப் பக்கம் எதனையும் சரிபார்க்கவில்லை, சேகரிக்கிறது என்று பொருள். அது மறுத்தால் உண்மையானது என்று பொருளில்லை. முதல் தடவை எதைக் கொடுத்தாலும் பிழை என்று சொல்லி இரண்டாம் தடவையும் எழுத வைக்கும் பக்கங்கள் உள்ளன. உண்மையான கடவுச்சொல்லை ஒருபோதும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வி.பி.என். போட்டால் போதாதா?

வி.பி.என். என்பது போனிலிருந்து போகும் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி வேறொரு சேவையகத்தின் வழியாக அனுப்பும் ஏற்பாடு. நுழைவுப் பக்கத்தைக் கடந்த பின்னரே அது இயங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு நீங்கள் செல்லும் தளங்களின் பெயர்களை அது நன்றாக மறைக்கும். பக்கத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கடவுச்சொல்லையோ குறியீட்டையோ அது காப்பாற்றாது.

ஒருமுறை இணைந்த கபேயின் பெயர், வேறு ஊரில் பஸ் நிலையத்தில் நிற்கும்போது போனில் இணைந்ததாகக் காட்டியது. இது எப்படி?

பூட்டு இல்லாத வைஃபையைப் போன் சேமித்து வைக்கும்போது பெயரையும் பாதுகாப்பு வகையையும் வைத்தே அதனை அடையாளம் காண்கிறது. இடத்தை அது பார்ப்பதில்லை. எங்கேயாவது அதே பெயர் கேட்டால் தானாக இணையும். தற்செயலாகவும் இது நடக்கும், ஏனெனில் `Free WiFi` போன்ற பெயர்கள் எங்கும் உண்டு. பலர் சேமித்து வைத்திருக்கக்கூடிய பெயர்களை வரிசையாக ஒலிபரப்பி யார் வந்து ஒட்டுகிறார்கள் என்று பார்ப்பவர்களும் உண்டு. அமைப்புகளில் சேமித்த வலையமைப்புகளின் பட்டியலைத் திறந்து, பூட்டு இல்லாதவற்றை `Forget` செய்துவிடுங்கள்.

இதெல்லாம் உண்மையில் யாராவது செய்து பிடிபட்டிருக்கிறார்களா?

ஆம். 2024இல் அவுஸ்திரேலியக் கூட்டாட்சிப் பொலிஸார் மேற்கு அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவர்மீது இதற்காகவே வழக்குத் தொடுத்தனர். உள்நாட்டு விமானம் ஒன்றில் பறந்துகொண்டிருக்கும்போது சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்று தெரிவதை விமான நிறுவன ஊழியர்கள் கவனித்து அறிவித்ததிலிருந்து விசாரணை தொடங்கியது. அவருடைய கைப்பையில் ஒரு சிறிய வைஃபைக் கருவியும் மடிக்கணினியும் கைத்தொலைபேசியும் இருந்தன. உண்மையான வலையமைப்பின் பெயரை ஒத்த பெயரில் இணைந்தவர்களை ஒரு போலிப் பக்கத்துக்கு அனுப்பி, மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கால் நுழையச் செய்தார் என்பதே குற்றச்சாட்டு. அந்தக் கருவிகள் எல்லாம் ஒரு கைப்பைக்குள் அடங்கின என்பதையும், கண்டுபிடித்தது வைஃபைப் பட்டியலைக் கவனமாகப் பார்த்த ஊழியர்கள் என்பதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

என் மகள் ஏற்கெனவே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டாள். இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்த வைஃபையிலிருந்து விலகி, டேட்டாவில் அல்லது வீட்டு இணைப்பில் இருந்து வேலையைத் தொடங்குங்கள். கூகுள் கடவுச்சொல் போயிருந்தால் `myaccount.google.com` இல் அதனை மாற்றி, பாதுகாப்புப் பகுதியில் இணைந்துள்ள கருவிகளைப் பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். மீட்பு மின்னஞ்சலும் மீட்புத் தொலைபேசி இலக்கமும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். ஜிமெயில் அமைப்புகளில் அஞ்சலை வேறொரு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த ஏற்பாடு தொடர்ந்து இயங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே கடவுச்சொல்லை வேறு எங்கே பயன்படுத்தினாள் என்று மகளிடம் கோபப்படாமல் கேளுங்கள். திட்டு விழும் என்று பயந்து மறைத்த ஒரு கணக்கே பின்னர் பெரிய இழப்புக்கு வழிவிடும்.

வாட்ஸ்அப் போயிருந்தால் அவளுடைய போனில் அதே இலக்கத்தை மீண்டும் பதிவு செய்து, வரும் குறியீட்டை இட்டவுடன் மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் இடையில் ஒரு பின்னை வைத்திருந்தால் கணக்கைத் திரும்பப் பயன்படுத்த ஏழு நாட்கள் காத்திருக்க நேரலாம். ஆனாலும் குறியீட்டை இட்ட கணத்திலிருந்து அவராலும் அதனைப் பயன்படுத்த முடியாது. காத்திருக்காமல் உறவினர்களை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, பணம் கேட்டு வந்த செய்தி பொய் என்று சொல்லிவிடுங்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால் அவருடைய வங்கிக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இத்தகைய செயல்களைக் குற்றமாக்குகிறது. அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யலாம். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம். குறுஞ்செய்தியையும் வைஃபைப் பெயர் தெரியும் திரையையும் அழிக்காமல் படமெடுத்து, இடமும் நேரமும் எழுதி வைத்திருங்கள்.

அறுகம்பையில் சிறிய கபே ஒன்று நடத்துகிறோம். எங்கள் பெயரில் யாரும் போலி வைத்தால் நாங்கள் என்ன செய்வது?

பெயரை வைப்பதை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் அதில் ஏமாறுவதை வெகுவாகக் குறைக்கலாம். மேசையில் வைக்கும் அட்டையில் வைஃபைப் பெயரை எழுத்துப் பிசகாமல் அச்சிட்டு, அதன் கீழே இப்படி ஒரு வரி சேருங்கள்: "எங்கள் வைஃபையில் எந்தப் பக்கமும் திறக்காது. தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், கடவுச்சொல் எதையும் நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் எங்களிடம் சொல்லுங்கள்." தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும், அலைச்சறுக்கலுக்கு வரும் வெளிநாட்டவர்களும் அதனை வாசிப்பார்கள். இந்த வரி உண்மையாக இருக்க வேண்டுமென்றால், விளம்பரத்துக்காக வாடிக்கையாளரின் இலக்கங்களைச் சேகரிக்கும் நுழைவுப் பக்கத்தை நீங்களும் வைக்கக்கூடாது. அத்தகைய பக்கத்துக்குப் பழகிய வாடிக்கையாளர் போலிப் பக்கத்தையும் அதே பழக்கத்தில் நிரப்பிவிடுவார்.

ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதனை இயக்குங்கள். பழைய போன்களுக்காக, அதற்கு முந்திய வகையான டபிள்யூ.பி.ஏ.2 உடன் கலந்த முறையையும் வைக்கலாம். காசாளர் கணினியும் அட்டை இயந்திரமும் விருந்தினர் வைஃபையில் இருக்கக்கூடாது. அவற்றுக்குத் தனி வலையமைப்பு வேண்டும். பரிமாறும் ஊழியர் ஒருவர் காலையில் கடை திறக்கும்போதும் மாலையில் கூட்டம் சேரும்போதும் தன் போனில் வைஃபைப் பட்டியலைப் பார்த்து, உங்கள் பெயரோ அதனை ஒத்த பெயரோ பூட்டு இல்லாமல் தெரிகிறதா என்று கவனித்தால், அது உங்களுக்குத் தெரியவரும். தெரிந்தால் அட்டையில் அதனைக் குறித்து மேசை மேசையாகச் சொல்லுங்கள். வைத்திருப்பவரை நீங்களே தேடிச் சென்று பையைச் சோதிக்க முற்பட வேண்டாம். அந்த வேலை பொலிஸாருக்கு உரியது.